மூன்றாம் இயலில் ஒரு வெங்காயக் கடை

வீட்டில் தம்பிக்கு ரேடியோ என்று பெயர். பால் வாங்கிவரச் சொன்னால், பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பால்கடைக்காரரின் முழங்கால் வலியில் ஆரம்பிப்பான். அங்கிருந்து அவர் மருமகன் வேலை மாறிய கதைக்குப் போவான். கடைசியில் எதிர்வீட்டு நாய்க்குக் காது கேட்காமல் போனதில் வந்து நிற்பான். அடுப்பில் வைத்த காப்பித்தண்ணீர் வற்றிப்போயிருக்கும். “விஷயத்துக்கு வாடா” என்பாள் அக்கா. “வந்துட்டே இருக்கேன்க்கா” என்பான்.

அந்த ரேடியோ நின்றுபோனது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் விட்டுப்போனவை இரண்டு ஜோடி செருப்பு, பாதி தீர்ந்த ஷாம்பு, முடிந்தும் முடியாத ஓர் ஆய்வேடு. செருப்பையும் ஷாம்புவையும் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆய்வேட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தார்கள்.

தம்பியின் வழிகாட்டிப் பேராசிரியர் அறையில் நாற்காலிகளில் புத்தகங்கள்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு அவர் நேராகவே பேசினார்.

“ஆய்வேடு முழுசா இருந்தா, இறந்தவங்களுக்கும் பட்டம் கொடுக்க விதி இருக்கு. மத்த இயலெல்லாம் சரியா இருக்கு. மூணாவதுதான் இடிக்குது. படிச்ச குழு, ‘இவர் என்ன வாதிடுறார்னே தெரியல’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தப் பருவத்துக்குள்ள சரிபண்ணலைன்னா கோப்பை மூடிடுவாங்க.”

“நீங்களே பண்ணலாமே சார்?”

“நான் பண்ணினா என் கட்டுரை ஆயிடும். அவன் எதை எழுதினாலும் அக்காகிட்டதான் முதல்ல காட்டுவேன்னு சொல்லுவான். நீங்க பாடப்புத்தகம் திருத்துறவங்க, வெட்டத் தெரியும். ஒரே நிபந்தனைம்மா. நகர்த்தலாம், வெட்டலாம், புள்ளி வைக்கலாம். புதுசா ஒரு வாக்கியம்கூட எழுதக் கூடாது. பட்டம் அவனுக்குன்னா வார்த்தையும் அவனோடதா இருக்கணும்.”

அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். பதிப்பகத்தில் பிறர் எழுத்தை வெட்டும்போது அவள் தயங்கியதே இல்லை. ஆசிரியர்கள் அழுதாலும் அசைய மாட்டாள். இப்போது பேருந்தில் அந்தக் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தம்பியின் ஆய்வு ஒரு காய்கறித் தெருவைப் பற்றியது. தெருவில் கடை போட்டிருந்தவர்களை நகராட்சி புதிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றியது. ஆளுக்கொரு அறை, சுவர், ஷட்டர், மின்விசிறி. ஓராண்டு முடிவதற்குள் பெரும்பாலானோர் பழைய தெருவுக்கே திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினார்கள் என்பதுதான் மூன்றாம் இயல். ஆனால் தம்பி அதைத் தெருவின் பழைய பெயரில் ஆரம்பித்து, தராசு மாறிய வரலாறு, மழைநாளில் தார்ப்பாய் கட்டும் விதம், ஒரு பூனை என்று சுற்றிச் சுற்றிப் போயிருந்தான். அந்தப் பூனைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கூடத்தில் உட்கார்ந்து பத்தி பத்தியாகக் கத்தரித்தாள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும், அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஒரே வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்திக்கே தான் சொல்ல வந்தது தெரியவில்லை என்று பொருள். தம்பியின் பத்திகளில் பாதி, ஒரு வரியில் அடங்கவில்லை. ஒன்றில் மூன்று விஷயம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை.

அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “வேண்டாம்னு ஒதுக்கறதைக் குப்பையில போட்டுடாதடி” என்றாள். அதற்கென்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்தாள்.

முக்கியமான வரி இயலின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், தேநீர்க்கடைக் கதை ஒன்றின் நடுவே ஒளிந்திருந்தது. ‘பழைய தெருவில் எந்தக் கடையும் தனியாக நிற்கவில்லை. பக்கத்துக் கடை பார்த்துக்கொள்வதால்தான் ஒவ்வொரு கடையும் நின்றது. புதுக் கட்டடத்தின் சுவர்கள் அந்தப் பார்வையை மறைத்துவிட்டன. திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான்.’

“அடப்பாவி” என்றாள் அக்கா சத்தமாக. விஷயத்துக்கு வந்துதான் இருக்கிறான். வருவதற்குள் படிக்கிறவன் எழுந்து போயிருப்பான். கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதியிருக்கிறான். படிக்கிறவருக்கு முடிவு முதலில் வேண்டும், அதைத் தாங்குகிறவை அதன் பின்னால் வர வேண்டும். இதை எத்தனையோ முறை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். சரிக்கா சரிக்கா என்பான்.

அந்த வரிகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கீழே தரையில் நான்கு வரிசை பிரித்தாள். பழைய தெருவில் ஒருவர் கடையை ஒருவர் பார்த்துக்கொண்ட விதம் முதல் வரிசை. கட்டடத்தில் சுவர் வந்ததும் அது எப்படி அறுந்தது என்பது இரண்டாவது. திரும்பியவர்கள் தனித்தனியாக வராமல், பக்கத்துக் கடைக்காரர்களோடு கூட்டமாக வந்து பழைய வரிசையிலேயே உட்கார்ந்தது மூன்றாவது. விற்பனை குறைந்ததால்தானே திரும்பினார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் நான்காவது. ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, நீ இந்த நாலில் எதற்கு உதவுகிறாய் என்று கேட்டாள். பதில் சொல்லாதது பெட்டிக்குள் போயிற்று. தராசு போயிற்று. தெருவின் பெயர் போயிற்று. கடைக்குக் கடை மாறி மாறிக் காவல் காத்த பூனையை முதல் வரிசைக்குள் இரண்டு வரியில் நுழைத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, அதையும் போட்டாள். ஒவ்வொன்று விழும்போதும் தம்பி பேச்சை நிறுத்தியதுபோல இருந்தது. துண்டுகளை முழுதாகப் படிக்க அவளால் முடியவில்லை. முதல் சில வரிகளிலேயே அவன் குரல் கேட்டுவிடும், உடனே பென்சிலை எடுத்துவிடுவாள்.

பேராசிரியர் புதிய வரிசையைப் படித்துவிட்டு, முதல் மூன்று பகுதிகளையும் தட்டிக்கொடுத்தார்.

“கல்லு மாதிரி நிக்குது. நாலாவதுதான் வெறும் வாய். விற்பனை காரணமில்லைன்னு தம்பி சொல்றான். சரி, சாட்சி எங்க? குழு முதல்ல கேக்கப்போறதே இதைத்தான்.”

“அவன் எழுதலையோ என்னவோ சார்.”

“அவனா எழுதாம இருப்பான்? வெட்டினதைப் போய்ப் பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. கணினியில் தம்பியின் நடையிலேயே ஒரு வாக்கியம் தட்டினாள். ‘நன்றாக விற்றவர்களும் திரும்பினார்கள்.’ அவனே எழுதியதுபோல இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் இல்லாத இடத்தில் அவன் குரலில் பேசுவது அவளுக்கே பொறுக்கவில்லை. அழித்துவிட்டுப் பெட்டியை இழுத்தாள்.

நடுவில் ஒரு துண்டு. பின்னால் அவள் கையெழுத்தில், ‘தம்பி வெங்காயம் விற்ற கதை. தேவையில்லை’ என்று இருந்தது. புரட்டி, இந்த முறை கடைசிவரை படித்தாள்.

‘வெங்காயக்கார அம்மாவுக்குப் புதுக் கட்டடத்தில் வாசலோரக் கடை. தெருவில் விற்றதைப்போல இரண்டு மடங்கு விற்கிறது என்று அவரே சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போவதென்றால் ஷட்டரை இறக்க வேண்டும். தெருவில் இருந்தபோது, “பார்த்துக்கோ” என்று பக்கத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். நான் போயிருந்த அன்று அந்த “பார்த்துக்கோ”வை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே, இரண்டு மடங்கு விற்ற கடையை விட்டுவிட்டுப் பழைய தெருவுக்குத் திரும்பிவிட்டார். நான் வெங்காயம் எடைபோட்ட லட்சணத்தைப் பார்த்துப் பயந்தும் போயிருக்கலாம். அக்கா படித்தால் இந்தக் கடைசி வரியை அடித்துவிடுவாள். அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும்.’

நான்காம் பகுதிக்கு வேண்டிய சாட்சி அப்படியே இருந்தது. சிரிப்பாக எழுதியிருந்ததால் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கியிருந்தாள். இத்தனை வருஷம் புத்தகம் திருத்துகிறவள், ஒரு பத்தி என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் எந்தக் குரலில் பேசுகிறது என்று பார்த்திருக்கிறாள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களைக் கவனிக்கவும் அம்மாவைப் பிடித்துக்கொள்ளவுமே சரியாக இருந்தது.

எடைபோட்ட லட்சணத்தை வெட்டினாள். மிச்சத்தை நான்காம் பகுதியில் சேர்த்தாள். கடைசி வரியை மட்டும் தொட முடியவில்லை. அதோடு சேர்த்தே அச்செடுத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியர் நான்காம் பகுதியை நின்றுகொண்டே படித்தார். “இது போதும். இனிமே யாரும் வாயைத் திறக்க முடியாது” என்று ஆரம்பித்தவர், பத்தியின் முடிவுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை.

“இந்த வரி இருக்கட்டும்மா. நான் குழுவுக்குச் சொல்லிக்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

இருக்கட்டும் என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இந்தப் பத்தி எதுக்கு சார் இங்க இருக்கு? நல்லா வித்தவங்களும் திரும்பினாங்கன்னு காட்டத்தானே?”

“ஆமா.”

“இந்த வரி அதைக் காட்டல.”

மேஜை மேலிருந்த அவர் பேனாவை எடுத்தாள். கோடு நேராக வரவில்லை. பதிப்பகத்தில் இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

“நான் அடிப்பேன்னு அவனுக்குத் தெரியும் சார். அடிக்கலைன்னா அவன் சொன்னது பொய்யாயிடும்.”

குழு ஏற்றுக்கொண்டது. பட்டம் உறுதி என்று கடிதம் வந்த அன்று அம்மா முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “படி, கேக்கிறேன்” என்றாள். அக்கா மூன்றாம் இயலைப் படித்தாள். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி. ஒன்றின் தோளில் ஒன்று கைவைத்துக்கொண்டு போயின. அம்மா கவனமாகத்தான் கேட்டாள், ஆனால் முகம் வாடிக்கொண்டே வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் இப்படி நேரா போக மாட்டானேடி.”

அக்கா நான்காம் பகுதிக்குப் போனாள். வெங்காயக்கார அம்மா, வாசலோரக் கடை, ஆஸ்பத்திரி, பார்த்துக்கோ. பழைய தெருவுக்குத் திரும்பிவிட்டார் என்பதோடு காகிதத்தில் பத்தி முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அங்கே இல்லாத வரியையும் படித்தாள். “அக்கா படித்தால் இந்தக் கடைசி வரியை அடித்துவிடுவாள், அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும்.”

அம்மா சிரித்தாள். அவன் போனபிறகு அம்மா சிரித்து இப்போதுதான் அக்கா கேட்கிறாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“அடிச்சியா?”

“அடிச்சுட்டேம்மா.”

அம்மா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை, எழுத்து எதுவும் தெரிந்திருக்காது.

“எந்த இடத்துல இருந்துச்சு?”

அக்கா அந்தப் பத்தியின் முடிவில், வெறும் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவள் விரலை எடுத்ததும் அம்மா தன் விரலை அங்கே வைத்துக்கொண்டாள்.