கனகவள்ளியின் கித்தான் பை

முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் எனக்குத் தூரிகை ஓடாது. எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கு மாட்டுங்காவில் என் போட்டோ ஸ்டூடியோவில் அப்படி நின்ற இருவரை விரட்ட மனசு வரவில்லை. தாராவித் தோல்கிடங்கில் வேலை பார்க்கும் சிவனாண்டி, அவர் மனைவி பேராச்சி. மகள் கனகவள்ளியைக் காணவில்லை.

பொங்கலுக்கு அவளை நான் எடுத்த படம் இருந்தது. போன அன்றும் அதே தாவணிதானாம்.

"மூஞ்சிய எவன் பாக்கான்? பைய வச்சாத்தான் ஞாபகம் வரும்னு போலீஸ்காரன் சொல்லுதான். அந்தக் கித்தான் பையையும் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. தோள்ல குறுக்க மாட்டியிருந்தா" என்றார் சிவனாண்டி. "வெறும் பைதான். காய்கறி வாங்கப் போனா."

பெரிதாக்கிய படத்தின்மேல், வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வாரை இழுத்தேன். வெளிச்சம் அவளுடைய இடப்பக்கம் மேலேயிருந்து விழுந்திருந்தது. நிழலை வாரின் கீழ் ஓரத்தில் வைத்தேன். வெறும் பையின் வார் துணியை அழுத்தாது. அதனால் நிழல் சற்று விலகி, மெத்தென்று பரவியது. தாவணி மடிப்பைத் தொடவில்லை.

"இப்பிடி இல்ல" என்றாள் பேராச்சி.

"நிழலா சரியில்ல?" வெடுக்கென்று கேட்டேன்.

"வாரு தோள்ல பதிஞ்சு கெடந்துச்சு. மடிப்பெல்லாம் அதுக்கடியில சுருங்கி, கழுத்துப் பக்கம் ஜாக்கெட்டே இழுபட்டு நின்னுச்சு."

"வெறும் பை எப்படிம்மா இந்த இழுப்பு இழுக்கும்? உள்ள நல்ல கனம் இருக்கணும்."

பாழாய்ப்போன என் வாய்! சிவனாண்டி மெல்லத் திரும்பினார். "பையில என்னளா இருந்துச்சு?"

பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "அவ துணிமணி. நீங்க பேசி வச்ச அந்தக் கெழட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்குடுக்க எம் மனசு ஒப்பல. கல்யாண் ஊர்ல இருக்க எங்க அக்கா வீட்டுக்கு நாந்தான் ரயிலேத்திவிட்டேன்."

"அங்கயா இருக்கா?"

"நேத்துப் போயிப் பாத்தேன். அவ வரவே இல்லைங்கா அக்கா."

அடிப்பார் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் கை ஓங்கவில்லை. "குர்லா, காட்கோபர்னு மார்க்கெட் மார்க்கெட்டா அலஞ்சேனேளா! சொல்லியிருந்தா ஒருநாளாவது கல்யாண் வரைக்கும் போயித் தேடியிருப்பேனே" என்றார். பேராச்சி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

முதல் நிழலை ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்தேன். இப்போது நிழலை வாரோடு ஒட்டி, மெலிதாக, அழுத்தமாகப் போட்டேன். வாரின் இரு ஓரத்திலும் துணியைப் பிதுக்கினேன். தோளை நோக்கிச் சுருக்கங்களை இழுத்தேன். கழுத்தோரத்தைச் சற்றே கோணலாக்கினேன். பிறகு படத்தைப் பேராச்சியிடம் காட்டினேன்.

"இதான். இப்பிடித்தான் போனா" என்றாள்.

ஈரம் காயும்வரைகூட சிவனாண்டி நிற்கவில்லை. படத்தை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, "கல்யாண்ல பொணக்கிடங்கு எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.