இருநூறு கேண்டில்

திங்கட்கிழமை காலை, அஸ்தம்பட்டி மாடியறையின் சன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலை பாதி பனிக்குள் இருந்தது. திரையில் பங்கு விலை ஒரு பச்சை நூலாக மிதந்து போனது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும்.

என் புரோகிராம் ஐந்து நிமிட விலை அசைவை ஒரு ‘கேண்டில்’ எனத் தொகுக்கும்; கடைசி இருநூறு கேண்டிலின் சராசரியைப் பார்த்துத்தான் ‘வாங்கு’ என்று சொல்லும். பழைய விலைகளை அனுப்பும் இணைப்பு அன்று படுத்துவிட்டது. புதிதாகச் சேர்த்தால் ஒரு நாளைக்கு எழுபத்தைந்து கேண்டில்தான் சேரும். அதனால் புதன் மதியம்வரை அது வாயைத் திறக்கவே கூடாது.

சந்தை திறந்த நாலாவது நிமிடமே போன் சிணுங்கியது: ‘வாங்கு’.

தூக்கத்தில் எழுப்பிய மாதிரி எரிச்சல். கூட வேலை செய்யும் தமிழரசுவிடம் பாய்ந்தேன். “பொறுமை இல்லாம இருநூற ஒண்ணாக்கிட்டீங்களா?”

“நான் தொடவே இல்லீங்க கோகிலா. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். இருநூறு அப்படியே இருந்தது. கேண்டில் பட்டியலைத் திறந்தேன். இருநூறு வரியிலும் ஒரே நேரம்: சந்தை திறந்த ஒன்பது பதினைந்து. ஐந்து நிமிடம் முடிந்த பிறகு ஒரு வரி சேர்க்காமல், விலை அசையும்போதெல்லாம் ஒரு வரி சேர்க்கும்படி எழுதியது நான்தான்.

தமிழரசு மெல்ல எட்டிப் பார்த்தார்.

“இருநூறு பேரு வந்தாச்சுன்னு நெனச்சிருக்குதுங்க. வந்தது ஒரே ஆளு. அவனும் இன்னும் முழுசா உள்ள வரல.”