குறை சொல்லும் கடை

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வாக்கில் திருச்சியில் பழைய கட்டில், பீரோ வாங்க வேண்டுமென்றால் பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தாஜுதீன் கடைக்குத்தான் போவார்கள். கடைக்கு ஒழுங்காக ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊர் வைத்த பெயர் குறை சொல்லும் கடை. ஊர் என்ன, காரணம் இல்லாமலா பெயர் வைக்கும்?

மற்ற கடைக்காரர்கள் மெருகெண்ணெயைத் தேய்த்துப் பளபளவென்று நிறுத்தி, புதுசு மாதிரி என்பார்கள். தாஜுதீன் அப்படியில்லை. ஒரு சாமானைக் கேட்டால் பக்கத்தில் போய் நின்று, விரல் முட்டியால் தட்டித் தட்டி ஒப்பிப்பார். முதலில் தேய்மானம், அப்புறம் ரிப்பேர், கடைசியில் ஏற்றிக்கொண்டு போகும் விவரம். வரிசை மாறாது. ஒப்பித்து முடிக்காமல் விலை சொல்ல மாட்டார். அவர் சம்சாரம் ஜீனத்துக்கே இதில் எரிச்சல்தான். இப்படி நம் சாமானை நாமே திட்டினால் எவன் வாங்குவான் என்று கேட்பாள். ஆனால் வாங்கினார்கள். பாய் சொன்னதற்கு மேல் ஒரு குறை இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அந்தக் கண்ணை மூடிக்கொண்டதில்தான் வந்தது வினை.

கடையில் ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை நெடுநாளாகக் கிடந்தது. தினம் நாலு பேர் கேட்பார்கள், பார்ப்பார்கள், போவார்கள். ஒப்பித்து ஒப்பித்து அதன் குறை அவர் வாயில் தானாக ஓடும். ஒரு வியாழக்கிழமை யாரோ வந்து பலகை வேண்டாம், சங்கிலி மட்டும் போதும் என்றார்கள். நல்ல சங்கிலி, நாலையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். பலகை தரையில் கிடப்பது பார்க்கச் சகிக்கவில்லை என்று, பின்கட்டு ஆணியில் தொங்கிய வேறொரு செட் சங்கிலியை எடுத்துச் சும்மா பார்வைக்கு மாட்டினார். மாட்டும்போது அதில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடை முகப்பில் துணி தொங்கினால் அசிங்கமாக இருக்குமாம்!

அந்தத் துணி ஏன் கட்டியிருந்தது என்றால், அந்தச் செட்டில் ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் கொல்லனிடம் கொடுத்துக் காய்ச்சி அடிக்காமல், ஈயத்தை ஊற்றிப் பற்று வைத்து, மேலே கறுப்பு மை அடித்திருந்தான். வாங்கின அன்றைக்கே தாஜுதீன் நகத்தால் கீறிப் பார்த்தார். மைக்குக் கீழே நகம் பதிந்தது. இரும்பில் நகம் பதியுமா? கொல்லனிடம் கொடுக்கும் வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றுதான் சிவப்புத் துணி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து தேசிகாச்சாரி என்று ஒருவர் வந்தார். வடகலை நாமம், கையில் குடை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண் முதுகு வலிக்கிறது, ஊஞ்சல் வேண்டும் என்கிறாளாம். ஆத்தில் இருந்த பழைய பலகை உளுத்துப் போயிற்றாம். தாஜுதீன் பலகையைத் தட்டினார். வாய் தானாக ஓடியது.

“பலகை நல்ல தேக்கு. வலது ஓரம் தேஞ்சிருக்கு, வெத்தலைக் கறை இருக்கு, இழைச்சாப் போயிடும், நான் இழைக்கலை. நடுவுல ஒரு வெடிப்பு, அடியில ரெண்டு இரும்புப் பட்டை போட்டு முடுக்கியிருக்கு. நாலு வளையத்துல ஒண்ணு புதுசு. சங்கிலி நல்ல சங்கிலி, நாலு பேர் உட்காரலாம். வண்டி உங்களோடது, ஏத்துறதும் இறக்குறதும் உங்க ஆளு. வாசலைத் தாண்டினா நம்ம பொறுப்பு இல்லீங்க.”

தேசிகாச்சாரி கேட்டுத் தலையாட்டினார். மார்க்கெட் வண்டிப்பேட்டையிலிருந்து ஒரு மாட்டுவண்டியைத் தாமே பேசி அழைத்து வந்தார். பலகையும் சங்கிலியும் ஏறின. வண்டி போயிற்று. வண்டி வாங்குகிறவருடையது என்பதால் எந்த வீதி, எந்த வீடு என்று தாஜுதீன் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். ஹவுஸ் தொட்டியண்டை உட்கார்ந்து ஒளு செய்தார். முகம் கழுவி, காலும் கழுவி, துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்டார். கையோடு வந்தது சிவப்புத் துணி.

துணியையே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காலையில் தான் ஒப்பித்தது ஒவ்வொரு சொல்லாகக் காதில் கேட்டது. சங்கிலி நல்ல சங்கிலி. அது நேற்று வரைக்கும் உண்மை. பக்கத்தில் ஒளு செய்துகொண்டிருந்த அப்துல் மாலிக், அவருடைய மைத்துனன், என்ன மச்சான் என்று கேட்டான். உள்ளே குத்பாப் பிரசங்கம் தொடங்கப்போகிறது. புத்தி தெரிந்த நாளிலிருந்து ஒரு ஜும்ஆ விட்டதில்லை மனுஷர். யா அல்லாஹ், மன்னிச்சுக்கோ என்று முணுமுணுத்துவிட்டு ஈரக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

வண்டிப்பேட்டையில் வண்டிக்காரன் அழகிரி வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். ஊஞ்சலை ஏற்றிப்போனது மூக்கன் வண்டி என்றான். எந்த வீதிக்கு என்று கேட்டால், ஸ்ரீரங்கம், கோயிலண்டை என்றான். ஸ்ரீரங்கத்தில் எது கோயிலண்டை இல்லை? சுற்றிச் சுற்றி வீதி, வீதிக்கு நாலு பக்கம், பக்கத்துக்கு எத்தனை வீடு, எத்தனை தேசிகாச்சாரி! தாஜுதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன் என்று அழகிரியைப் பிடித்துக் கேட்டார். அவன் பாவம், என்ன சொல்வான்?

தெப்பக்குளத்தண்டை பஸ் ஏறினார். பஸ்ஸா அது? கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து போயிற்று. பாலத்தில் ஒரு பாரவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. கீழே காவிரியில் ஜனங்கள் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தாஜுதீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். காலியிடம் இருந்தும் உட்கார மனசு வரவில்லை. வழியெல்லாம் வீட்டில் நல்ல உத்திரம் இருக்கக்கூடாது, ஆசாரி வந்திருக்கக்கூடாது, அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே போனார்.

மாம்பழச்சாலை திரும்பும்போது எதிரே மூக்கன் வண்டி வந்தது. காலி வண்டி. தாஜுதீன் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தார். கண்டக்டர் திட்டியது அவர் காதில் விழவில்லை.

மூக்கன் நிதானமாகச் சொன்னான்: வடக்கு உத்திர வீதி, பச்சைக் கதவு, எதிரே ஒரு கிணறு.

“மாட்டியாச்சா மூக்கா?”

“நான் கிளம்பும்போதே ஆசாரி ஏணி மேல நின்னாருங்க பாய். இந்நேரம் அந்தப் பொண்ணு ஆடிக்கிட்டிருக்கும்.”

நல்ல வார்த்தை சொன்னான் மகராசன்! ஒரு குதிரை வண்டியை மறித்து ஏறி, தெற்கு வாசல் மொட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்து, வீதி வீதியாகத் திரும்பி, பச்சைக் கதவுக்கு முன்னால் இறங்கியபோது தாஜுதீனுக்கு மூச்சு இல்லை. வீதி மதிய உறக்கத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து கிறீச், கிறீச் என்று சத்தம்.

“சாமி, சாமி” என்று படியில் நின்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. கிறீச் சத்தம் நிற்கவில்லை. இந்த மாதிரி வீடுகளில் அவர் வாசல்படியோடு சரி. சாமான் வாங்க வரும்போதும் விற்கிறவர்கள் வெளியே தூக்கி வந்து காட்டுவார்கள், அவர் வீதியில் நின்று பார்ப்பார். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அன்றைக்கு அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? செருப்பைக்கூடக் கழற்றாமல் ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்விட்டார்.

நிறைமாசப் பெண் ஒருத்தி பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, கால் விரலால் தரையை உந்தி ஆடிக்கொண்டிருந்தாள். தொப்பியும் தாடியுமாக ஒருவர் கூடத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். எழுந்திருக்கப் போனாள்.

“எந்திரிக்காதீங்கம்மா. காலைத் தரையில ஊனிக்குங்க, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டே தாஜுதீன் சங்கிலிகளை ஒரு பார்வை பார்த்து மண்டியிட்டு, பற்று வைத்த பின்பக்கத்து மூலைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தார். அண்ணாந்து பார்த்தார். கறுப்பு மை வெடித்து, கண்ணி வாய் திறந்திருந்தது. உள்ளே ஈயம் வெள்ளையாகத் தெரிந்தது.

அந்தப் பெண், “அப்பா!” என்று அலறினாள். தேசிகாச்சாரி மேல் துண்டு இல்லாமல் ஓடிவந்தார். யாரது ஆத்துக்குள்ளே என்று கத்த வாயெடுத்தவர், கடைக்கார பாய் பலகையைத் தாங்கிக்கொண்டு மண்டியிட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“பொண்ணைப் பிடிங்க சாமி. சங்கிலி அத்துரும்.”

அவர் ஓடிவந்து மகளை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். அவள் எழுந்திருக்கச் சங்கிலியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அவ்வளவுதான். கண்ணி விட்டது. பெண் அப்பாவின் கையில் இருந்தாள். பலகையின் மூலை தாஜுதீன் கையை அழுத்திக்கொண்டு தரையில் இறங்கியது. விரல் நசுங்கியது அவருக்கு உடனே தெரியவில்லை. பெண் நிற்கிறாளா என்று பார்த்தார். நின்றுகொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நின்றுகொண்டிருந்தாள்.

தாஜுதீன் கையை உருவிக்கொண்டு, உடைந்த கண்ணியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துத் தேசிகாச்சாரியிடம் நீட்டினார். அழுதுகொண்டே ஒப்பித்தார். சங்கிலி மாறினது, ஈயப் பற்று, தனக்கு முன்னாலேயே தெரிந்தது, வாய் பழக்கத்தில் பழையதைச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை ஒன்றும் விடவில்லை.

தேசிகாச்சாரி கண்ணியை வாங்கிப் பார்த்தார்.

“ஆசாரி ரெண்டு நெல்லு மூட்டையை வெச்சு ஆட்டிப் பாத்துடலாம்னான் பாய். நான்தான் வேண்டாம்னேன். அந்த பாய் சொன்னா சொன்னதுதான், சோதிக்கப்படாது, பாவம்னேன்.”

அவர் திட்டியிருந்தால் தாஜுதீன் தாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். விரலிலிருந்து இரத்தம் தரையில் சொட்டியது. அந்தப் பெண்தான் உள்ளே போய் ஒரு கிழிந்த வேட்டித் துண்டைக் கொண்டுவந்து, எட்ட நின்று அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

“பணத்தைக் கையோட திருப்பித் தந்துடறேன் சாமி” என்றார். “இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

“நான் வண்டிக்கு எங்கே போவேன் இந்த வெய்யில்ல?” என்றார் தேசிகாச்சாரி, பழைய பேச்சு நினைவில்.

“வண்டி என்னோடது சாமி” என்றார் தாஜுதீன். “ஏத்துறதும் இறக்குறதும் என் ஆளு. வாசலைத் தாண்டினாலும் என் பொறுப்புதான்.”

சொல்லிவிட்டு, மற்ற சங்கிலிகளையும் கழற்றி, நசுங்காத கையால் பலகையின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, ரேழி வழியாகத் தானே இழுத்துப் போனார்.