மின்னலுக்கு இரண்டு விநாடி

ரிபெகா கடைசியாக வலிப்பு வந்து விழுந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வலிப்பு வராமல் இன்னும் ஒரு மாதம் தாண்டினால் சட்டப்படி மறுபடி வண்டி ஓட்டலாம். மலைக்கு அப்பால் மார்ட்டின்பரோவில் அப்பனோடு இருக்கும் மகளை, யார் தயவும் இல்லாமல் போய்ப் பார்க்கலாம். வெலிங்டனில் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

காது கேளாத குழந்தைகளுக்காக வசனத்தையும் ஓசையையும் திரையில் எழுத்தாகப் போடுகிறவள் அவள். பார்வையற்ற குழந்தைகளுக்காகத் திரையில் நடப்பதை வசன இடைவெளிகளில் குரலில் சொல்கிறவன் நான். வேகமாக மினுக்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும் என்பதால் செய்யும் மினுக்கல் சோதனையும் என் தலையில்தான். விநாடிக்கு மூன்று மினுக்கலைத் தாண்டினால் படம் திருத்தத்துக்குத் திரும்பிவிடும். நான் கையெழுத்திடாத படத்தை ரிபெகா திறக்கவே மாட்டாள்.

கடற்பறவைப் படத்தின் புயல் காட்சி தேறியிருந்தது. விநாடிக்கு மூன்று மின்னல், திரை முழுக்க. அப்புறம்தான் தயாரிப்பாளர் நெவில் வந்தார்.

"நீளம் கூடிடுச்சு டெஸ்மண்ட். புயல ரெண்டு மடங்கு வேகமாக்கிட்டேன். உன் குரல மறுபடி பதிஞ்சிடு."

நான்கு விநாடி இரண்டாகியிருந்தது.

"குஞ்சு பாறை இடுக்கில் ஒடுங்குகிறதுன்னு சொல்ல எடமே இல்லையே!"

"குஞ்சு ஒடுங்குகிறதுன்னு சொல்லு. பாறை எங்க ஓடிடப்போவுது?"

சிரித்துக்கொண்டே பாறையை வெட்டினேன். மின்னலும் இரட்டிப்பாகியிருக்குமே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மறு சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். பார்த்த படம்தானே என்று புதுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை அடுத்த அறையில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. ரிபெகாவின் திரையில் [இடி முழங்குகிறது] என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரே எழுத்து அரை வரிக்கு ஓடியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நெவில் என்னை ஓரங்கட்டினார். "அவளுக்கு ஏற்கெனவே இருக்கற வியாதி. நீ போய் எதையாவது உளறிவைக்காத."

உள்ளே ரிபெகா நாக்கைக் கடித்துக்கொண்டதால் குழறிக் குழறிப் பேசினாள். "மாத்திர கேக்கல போல. இன்னும் ஏத்தப்போறாங்களாம். போன தடவ ஏத்தினப்ப எம் பொண்ணு பேரே வாயில வரல, தெரியுமா? மறுபடி மொதல்லேருந்து பன்னண்டு மாசம்."

"மாத்திர இல்ல ரிபெகா. விநாடிக்கு ஆறு மின்னல். நான் சோதிக்கல. சோதிச்சேன்னு எழுதிட்டேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மொத மின்னல்லயே கண்ணு கூசுச்சு" என்றாள். "ஒரு கண்ணப் பொத்திக்கிட்டா வலிப்பு வராம தப்பிக்கலாம். பொத்திக்கலாமான்னு கை மேல வந்துச்சு. உன் கையெழுத்து இருக்கேன்னு எறக்கிட்டேன்."