மாமா செத்துட்டார்னு மெசேஜ் போயிடுச்சு

பெரியம்மா கார்ல ஏறிட்டாங்க. மாமா கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிட்டிருக்கார். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலடி. தூங்காம இருந்தா இதைப் படி, யார்கிட்டயும் சொல்லிடாத.

என்னோட குறுக்கெழுத்து வெப்சைட் தெரியும்ல? அது ஓடறதே மாமா வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கற பழைய கம்ப்யூட்டர்லதான். அதுக்கு நான் வெச்ச பேரு 'மாமா'. எழுப்பினா அஞ்சு நிமிஷம் முனகும், அப்புறம்தான் எந்திரிக்கும். அவரை மாதிரியே.

அது அடிக்கடி படுத்துக்குதேன்னு போன வாரம் ஒரு புரோகிராம் எழுதினேன். அதே கம்ப்யூட்டர்ல வெச்சா, அது நின்னா இதுவும் சேர்ந்து நின்னுடும்ல? அதனால என் பழைய போன்ல வெச்சேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பாக்கும், பதில் வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். பத்து செகண்டுக்குள்ள வரலைன்னா ஃபெயில். ஒரு தடவை ஃபெயிலானா கண்டுக்காது, நெட் சும்மா விக்கியிருக்கலாம். தொடர்ந்து மூணு தடவைன்னா எனக்கு மெசேஜ். திரும்ப எழுந்தா இன்னொண்ணு. நடுவுல தொணதொணக்காது. பெருமையா இருந்துச்சு.

மெசேஜ் அனுப்பற பகுதியை மட்டும் புதுசா எழுத சோம்பேறித்தனம். எங்க குடும்ப குரூப்ல எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து சொல்ற 'குடும்பச் செய்தி'ங்கற புரோகிராம் இருக்குல்ல, அதுவும் நான் எழுதினதுதான், அதுலேருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். குரூப் நம்பரும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் பாக்கல.

இன்னிக்கு அம்மாவுக்கு நைட் டியூட்டி, அதான் இங்க மாமா வீட்ல படுத்திருந்தேன். ஒரே புழுக்கம். கம்ப்யூட்டர் சூட்டுல திணறுது. மாமா ஃபேன் போடணும்னு அதோட பிளக்கைப் பிடுங்கிட்டார். மூணு நிமிஷம் கழிச்சு குரூப்ல:

"மாமா பதில் சொல்லவில்லை. மூன்று முறை முயன்றாயிற்று. கடைசியாக உயிருடன் இருந்தது: 9:42. கடைசி பதிலுக்கு ஆன நேரம்: 4,810 மில்லி செகண்ட்."

"ஐயோ!"ன்னு அப்பா வழி அத்தை.

சித்தப்பா, "கடைசியில பேசவே ரொம்ப சிரமப்பட்டிருக்கார் போல."

"மில்லி செகண்ட்னா எத்தனை மணி நேரம்?"

"நம்மகிட்ட என்னமோ சொல்ல வந்திருக்கார்பா."

நான் அலறி அடிச்சுட்டு திருத்தப் போனேன். மாமா என் கையைப் பிடிச்சுட்டார். ஏன்னா அதுக்குள்ள பெரியம்மா எழுதியிருந்தாங்க. வீட்டு ஏணி யாருக்குன்னு போட்ட சண்டையிலேருந்து ஆறு வருஷமா அவர்கூட ஒரு வார்த்தை பேசாத பெரியம்மா!

"டேய் தம்பி, அந்த ஏணியை நீயே வெச்சுக்கோடா. நான் வரேன்."

மாமா அதை நாலு தடவை படிச்சார். "வாண்டு, கெடுத்துடாத. வரட்டும்."

"மாமா, நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சுட்டு வராங்க!"

"நான் உயிரோட இருந்தப்ப வரலையே."

எனக்குப் பயமாயிடுச்சு. அவர் குளிக்கப் போனதும் கம்ப்யூட்டர் பிளக்கைத் திரும்ப மாட்டிட்டேன். முனகி எந்திரிச்சு, பக்கம் திறந்ததும் செய்தி போச்சு:

"மாமா மீண்டும் உயிருடன் இருக்கிறார். 21 நிமிடம் இல்லாமல் இருந்தார்."

அவ்ளோதான், குரூப் கொதிச்சுடுச்சு. "சாவுல விளையாடறது யாரு?"ன்னு சித்தப்பா 'குடும்பச் செய்தி'யைத் தூக்கி வெளிய போட்டுட்டார். நான் என் நம்பர்லேருந்தே எழுதினேன்: "சத்தியமா மாமா நல்லா இருக்கார், அது கம்ப்யூட்டர்." அத்தை உடனே, "பாவம், குழந்தைக்கு அதிர்ச்சி. தனியா விடாதீங்க."

மாமாவையே பேச வைக்கலாம்னு குளிச்சுட்டு வந்தவர்கிட்ட போனை நீட்டினேன். வாங்கவே மாட்டேங்கறார். சலவை சட்டை போட்டிருக்கார். சுவத்துல சாத்தியிருந்த ஏணியை எடுத்து வாசல் பக்கம் வெச்சார். அப்புறம் சட்டையைக் கழட்டிட்டு வேற போட்டார். பெரியம்மாவுக்கு நானே போன் பண்ணேன். எடுத்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "அழாதடா செல்லம், பக்கத்துல வந்துட்டேன், அவன் பக்கத்துலயே இரு"ன்னுட்டு வெச்சுட்டாங்க. கரகரன்னு குரல். வழி முழுக்க அழுதிருக்காங்க.

இப்ப தெருமுனையில ஏதோ கார் லைட் தெரியுது. மாமா சீப்பைக் கீழ வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தார். இவ்ளோ நேரம் சிரிச்சுட்டிருந்த ஆள், முகம் வெளுத்துப் போயிருக்கு.

"வாண்டு, நான் உயிரோட நிக்கறதைப் பாத்தா அக்கா உள்ள வருவாங்களா?"