ஆவி மறைத்ததும் உறைநிலை சொன்னதும்

மதியம் இரண்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்றேகால் ஆகியும் முடியவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவள் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டாள். பெரியக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "சரி, படுத்துக்கோ" என்று வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால்கள் விண் விண்ணென்று தெறித்தன.

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். அக்கா என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புகிறார்கள் என்று இவளைப் பெரியக்கா ஆக்கிவிட்டார்கள். டாக்டர்கள் முதல் கூட்டித் துடைப்பவர் வரை எல்லோருக்கும் அதே பெயர்தான்.

செல்போன் அதிர்ந்தது. தங்கச்சி.

"எங்கே இருக்கே? எனக்கு அஞ்சு மணிக்கு வேலை. அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"ஆள் வரலடி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உனக்கு எப்பவும் ஆள் வராது," என்று வைத்துவிட்டாள்.

அப்பா படுத்த படுக்கையாகி எட்டு மாதம். அக்காவும் தங்கையும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தி மாட்டுவாள். உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்றோ.

அப்போதுதான் கூடத்தின் ஜன்னலைத் தட்டினாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தலை வாரவில்லை. அவசரப் பிரிவிலிருந்து கொடுத்து அனுப்பிய ரத்தக் குழாயை, ஏதோ நெருப்பைப் பிடித்திருப்பதுபோல விரல் நுனியில் பிடித்திருந்தாள்.

"மெக்கானிக்கோட வீட்டுக்காரிங்க. இதையும் பார்க்கச் சொன்னாங்க."

மெக்கானிக் யாரென்று பெரியக்காவுக்குத் தெரியும். ஒன்றரை மணிக்கு வந்த ரத்தம் அவனுடையதுதான். காலையிலிருந்து வாந்தி, அரைமயக்கம், மூச்சு இரைப்பு. ரத்தத்தில் அமிலம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சர்க்கரை சரி, சிறுநீரகம் சரி, சாராயம் துளிகூட இல்லை. எங்கிருந்து வந்தது இந்த அமிலம்? அவசரப் பிரிவின் சின்ன டாக்டருக்கு ஒரு சந்தேகம். காரின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைக் குடித்திருப்பானோ? வொர்க்‌ஷாப் ஆள்தானே. அதனால் ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு துகள் கரைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்.

பெரியக்கா பார்த்தாள். கூடத்தில் இருப்பது ஆவியழுத்தத்தை வைத்து எண்ணும் எந்திரம். காகித வட்டத்தில் ஒரு சொட்டு வைத்து மூடினால், அதிலிருந்து எவ்வளவு ஆவி எழுகிறது என்று அளந்து எண்ணைச் சொல்லிவிடும். இருநூற்று எண்பத்தொன்பது என்று சொன்னது. உப்பு, சர்க்கரை, யூரியா மூன்றையும் கூட்டிக் கணக்குப் போட்டாலும் இருநூற்று எண்பத்தேழு வந்தது. தெரிந்ததற்கு மேல் எதுவும் கரைந்திருக்கவில்லை. கூலன்ட் இல்லை என்று போனில் சொல்லிவிட்டாள். சின்ன டாக்டர், ஏதோ கிருமிதான் என்று அந்தப் பக்கம் மருந்தைத் திருப்பிவிட்டார். அவள் அதோடு அதை மறந்தும் போனாள்.

"குழாயை அங்கே வைம்மா. எப்படி இருக்கார்?"

"பேச்சே இல்லைங்க. காலையில பத்து மணிக்கு எழுப்பினப்ப, ஏன்டி இருட்டா இருக்கு, லைட்டைப் போடுன்னாரு. வெயில் மூஞ்சியில அடிக்குது, இவரு லைட்டைப் போடச் சொல்றாரு. தண்ணி டம்ளரைக் கொடுத்தா காத்துல துழாவுறாரு."

"இதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"என்னைக் கேட்கலையே. வாந்தி எத்தனை தடவைன்னுதான் கேட்டாங்க."

பெரியக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அமிலம். பார்வை. கூலன்ட் இல்லை. வொர்க்‌ஷாப்.

தப்பு எங்கே என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தப்பு எந்திரத்தில் இல்லை, அவள் நம்பிய விதத்தில் இருந்தது. உப்போ கூலன்ட்டோ தண்ணீரில் கரைந்தால் தானாக ஆவியாகாது. தண்ணீரின் ஆவியைத்தான் குறைக்கும். அந்தக் குறைவைத்தான் எந்திரம் எண்ணுகிறது. ஆனால் கரைந்ததே சட்டென ஆவியாகும் பொருளாக இருந்தால்? அது தண்ணீரின் ஆவியைக் குறைத்த கையோடு தன் ஆவியையும் மேலே அனுப்பும். பள்ளமும் தெரியாது, கள்ளமும் தெரியாது. எந்திரம் எல்லாம் சரி என்றுதான் சொல்லும்.

அமிலத்தையும் கொடுக்கும், பார்வையையும் பிடுங்கும், ஆவியாகியும் போகும். மெத்தனால், கள்ளச்சாராயத்தில் கலக்கிற அதே சரக்கு.

கணக்குப் போட்டிருந்த முதல் குழாய் குளிர்பெட்டியில் மூடியோடு இருந்தது. நல்ல வேளை, திறந்து வைத்திருந்தால் பாதி பறந்திருக்கும். உறைநிலையை அளக்கும் எந்திரம் இந்த மருத்துவமனையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மூன்றாவது மாடி சிறுநீரகப் பிரிவில். லிப்ட் வேலை செய்து மூன்று நாளாயிற்று.

ஏறினாள். முதல் மாடியில் முழங்கால் முனகியது. இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். யாராவது வந்து 'கொடுங்க, நான் கொண்டு போறேன்' என்று சொன்னால் அங்கேயே அழுதிருப்பாள். யாரும் வரவில்லை.

மேலே அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான், சில்லென்று இருக்கும்.

"என்ன பெரியக்கா, கீழே இருக்கிற புது மெஷின் சலிச்சுப் போச்சா?"

"உங்க நக்கலை அப்புறம் வச்சுக்குங்க. இதை இப்பவே பாருங்க. மூடியைத் திறந்த கையோட வைங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். சிறு குழாயில் சொட்டை விட்டு இறக்கினார். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போயும் அது உறையாமல் நீராகவே நின்றது. பிறகு மெல்லிய கம்பி படபடவென்று அதிர, ஒரே நொடியில் பனிபடர்ந்து வெளுத்தது. வெப்பநிலை சற்று மேலேறி ஓரிடத்தில் நின்றது. அந்த இடம்தான் அளவு. சாதாரண ரத்தம் பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரியை ஒட்டி நிற்கும். இது 0.66க்குப் போய் நின்றது.

"முன்னூத்தி ஐம்பத்தேழு," என்றார் ஐஸ். தன்னையே நம்பாமல் அளவு தெரிந்த உப்புக்கரைசலை ஒருமுறை வைத்துச் சரிபார்த்தார். மறுபடி ரத்தத்தை வைத்தார். முந்நூற்று ஐம்பத்தாறு.

கணக்கில் வராத எழுபது. அவள் அங்கிருந்தே அவசரப் பிரிவுக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், மெக்கானிக்குக்கு மெத்தனாலா இருக்கும்னு நினைக்கிறேன். உறைநிலையில பார்த்தா எழுபது அதிகமா காட்டுது. அவருக்குக் கண்ணு தெரியலையாம், வீட்டுக்காரம்மா சொல்றாங்க."

"நீங்கதானே பெரியக்கா நார்மல்னு சொன்னீங்க?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. "ஆமா, நான்தான் சொன்னேன். அது ஆவியை வச்சு எண்ணுற மெஷின். மெத்தனால் தானே ஆவியாப் போயிடும், அதுக்குத் தெரியாது."

"உறையறதுல மட்டும் எப்படித் தெரியும்? ரெண்டும் ஒண்ணுதானே?"

"காரணம் ஒண்ணுதான் டாக்டர். கரைஞ்ச துகள் நடுவுல கலந்து நின்னா, தண்ணி மேலே கிளம்பிப் போறதும் குறையும், பனியில போய் ஒட்டுறதும் குறையும். அதனாலதான் கூலன்ட் ஊத்தினா கொதிக்க அதிகச் சூடு வேணும், உறைய அதிகக் குளிர் வேணும். ஆனா பனிக்கட்டிக்குள்ள மெத்தனாலுக்கு இடம் கிடையாது, தண்ணிக்குள்ளேயே மாட்டிக்கும். அங்கே தப்ப முடியாது. மேலே பறக்கிற வழிதான் அதுக்குத் திறந்திருக்கு."

மறுமுனையில் டாக்டர் நர்ஸைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "எதிர்மருந்தை ஆரம்பிக்கிறேன். ஐஸ் பக்கத்துலதானே இருக்கார்? டயாலிசிஸ் படுக்கை ஒண்ணு ஒழிச்சு வைக்கச் சொல்லுங்க."

கீழே இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மெக்கானிக்கின் மனைவி ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நேத்து என்ன குடிச்சார்? திட்ட மாட்டேன், சொல்லு."

"வொர்க்‌ஷாப்ல யாரோ கேன்ல கொண்டு வந்ததாம். கூல்டிரிங்ஸ்ல கலந்து... அவரும் வெல்டர் அண்ணனும்."

"அந்த வெல்டர் எங்கே?"

"வீட்ல படுத்திருக்காரு. வெறும் தலைவலிதான்னு அவங்க சம்சாரம் சொன்னாங்க."

"போன் போடு. தூங்கட்டும்னு விடாதே. அப்படியே வண்டியில ஏத்திக் கொண்டு வரச் சொல்லு."

நாற்பது நிமிஷத்தில் வெல்டர் திட்டிக்கொண்டே வந்தான். நல்லாயிருக்கிறவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். அவன் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினாள். அறுபத்திரண்டு அதிகம். அமிலம் இன்னும் ஏற ஆரம்பிக்கவில்லை. மெத்தனாலை உடம்பு நஞ்சாக மாற்றுவதற்குள் பிடித்தாகிவிட்டது.

வீட்டுக்குப் போனபோது ஏழரை. தங்கச்சி வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு அப்பாவின் படுக்கையருகே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியக்கா நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கோடி" என்று மட்டும் சொன்னாள். தங்கச்சி எழுந்து தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள். தூக்கிய முகம் இறங்கவில்லை, ஆனாலும் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெல்டர் நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனான். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மெக்கானிக் பிழைத்துக்கொண்டான். பார்வைதான் முழுசாகத் திரும்பவில்லை. ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் வெள்ளைப் புகை மாதிரி இருக்கிறது என்றான். நஞ்சு சந்தேகம் இருந்தால் உறைநிலையில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் அடித்து ஆவி எந்திரத்தின் மேல் ஒட்டினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று மெக்கானிக்கின் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பெரியக்கா முன்கூட்டியே கூச்சப்பட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். முதல் தடவையே அந்த மாடி மெஷின்ல வச்சிருந்தா அவருக்குக் கண்ணு தப்பிச்சிருக்குமா?"

முதல் சோதனைக்கும் மாடியில் பார்த்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரம். அதை அவளும் பத்து நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். படுத்தால் அதே கணக்கு, பஸ்ஸில் அதே கணக்கு. வரும்போதே பார்வை போயிருந்ததே என்று ஒரு பதில் கைவசம் இருந்தது. அது பொய்யும் இல்லை.

"வரும்போதே கெட்டிருந்துச்சும்மா," என்றாள். பிறகு, "ஆனா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். எனக்கே தெரியல. அப்ப எனக்குத் தோணல."

அந்தப் பெண் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் பெரியக்கா. திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"டாக்டர் எல்லாரும் இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாங்க," என்றாள் அவள். "நீங்க தெரியலன்னு சொல்றீங்க." ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றினாள். "அவரு வெளியே நிக்கறாரு. வாசல் படி இறங்கணும். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்குவேன். இன்னொரு பக்கம் நீங்க பிடிக்கிறீங்களா?"

பெரியக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.