வெயில் எறிக்கும் முதல் நாள்

படப்பிடிப்பாளர் செபநாயகம் தன் ஸ்ரூடியோவின் சுவரில் ஒரு காகிதத்தை ஆணி அடித்து மாட்டிய நாளில் இருந்தே அவர் மனைவி கத்தரீனாவுக்கு மனம் சரியில்லை. ‘புயல், வெள்ள நாள்களுக்கான ஒழுங்கு’ என்று அதன் தலையில் பெரிதாக எழுதியிருந்தது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் அவர்களுடைய ஸ்ரூடியோ கண்ணாடிக் கூரை போட்டது. மேலே இருந்து வரும் வெளிச்சத்தில்தான் படம் பிடிக்க முடியும். கார்த்திகை மாதத்தில் வானம் கறுத்தால் தொழில் படுத்துவிடும். முந்திய வருடம் மாப்பிள்ளை பொம்பிளையோடு இருபத்தாறு பேர் மழையில் வந்து, இருட்டுக்குள் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து, எல்லாப் பலகாரத்தையும் தின்றுவிட்டுப் படமில்லாமல் போனார்கள். அதனால்தான் செபநாயகத்துக்கு இந்த ஒழுங்கு தேவைப்பட்டது. காலை ஆறு மணிக்கு வானத்தைப் பார்ப்பது, ஏழு மணிக்குள் முடிவெடுப்பது, உடனே அறிவிப்பது. பட்டினத்துக்குள் இருப்பவர்களுக்குச் சைக்கிளில் தானே போய்ச் சொல்வது, தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலட்டை போடுவது. இதுவரை எல்லாம் நல்லதுதான்.

பிழை அட்டையில் இருந்தது. அச்சுக்கூடத்தில் இருநூறு அட்டை அடித்து வந்திருந்தார். ‘மழை காரணமாகத் தங்கள் படம் பிடிக்கும் நாள் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. வெயில் எறிக்கும் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வருக.’

நாள் குறிக்கும் புத்தகத்தைக் கத்தரீனாதான் வைத்திருந்தாள். அவள் அட்டையை இரண்டு தரம் வாசித்தாள்.

“இஞ்சாருங்கோ, எல்லாரும் ஒரே நாளிலை ஒன்பது மணிக்கு வந்தால் என்ன செய்வியள்? நாளுக்கும் மணிக்கும் இடம் விட்டு அடிச்சிருந்தால் நான் கையாலை எழுதியிருப்பன்.”

இடம் விட்டால் அட்டை அரைகுறையாகத் தெரியும் என்றார் செபநாயகம். வெயில் எப்போது வரும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும், அவரை விடத் தான் கெட்டிக்காரனா என்றும் கேட்டார். ஆண்டவர் நடுவில் வந்த பிறகு கத்தரீனா அட்டைகளைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தக் கிழமை திங்கட்கிழமை புயல் அடித்தது. பனைகள் விழுந்தன, தெருவில் முழங்கால் தண்ணீர். புத்தகத்தில் சனிக்கிழமை வரை ஏழு பேருக்கு நாள் குறித்திருந்தது. செபநாயகம் ஒழுங்கை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார். ஆறு மணிக்கு வானத்தைப் பார்த்தார், ஏழு மணிக்கு முடிவெடுத்தார், குடை பிடித்தபடி சைக்கிளில் குருநகருக்குப் போய் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்து, நனைந்தபடியே, ஏழு பேரில் பட்டினத்துக்குள் இருந்த ஒரே ஆளான நீக்கிலாப்பிள்ளைக்குச் செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே இருந்த ஆறு பேருக்கும் அட்டைகள் தபாலில் போயின. வெள்ளத்தில் தபால் இரண்டு நாள் பிந்தினாலும் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மழை ஊற்றிக்கொண்டிருக்க, வாசலில் ஒரு மாடு நின்றது.

அது நாம்பன் மாடு, நல்ல இளங்காளை, நெற்றியில் சுட்டி, கொம்பில் சலங்கை. பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டபடி கரவெட்டிக் கமக்காரர் நமசிவாயம். மாட்டு வண்டிச் சவாரிப் போட்டியில் வென்ற அந்த நாம்பனை, ஸ்ரூடியோவில் இருக்கும் அரண்மனை வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே நாள் கேட்டு வைத்தவர் அவர்.

மழை பெய்கிறதே என்று கத்தரீனா மெதுவாகச் சொன்னாள். நமசிவாயம் மடியில் இருந்து அட்டையை எடுத்தார்.

“எங்கடை ஊரிலை நேற்று நல்ல வெயில், தங்கச்சி. கண்ட உடனை வெளிக்கிட்டு ராவிரவா நடந்து வாறம். எந்த ஊர் வெயில் எண்டு இதிலை போடேல்லை.”

கத்தரீனா தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செபநாயகம் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

முற்றத்தில் வெள்ளம் நின்றதால் நாம்பனைக் கட்ட வேறு இடமில்லை. ஸ்ரூடியோவுக்குள்ளேயே கட்டினார்கள். நமசிவாயம் விறாந்தையில் படுத்துக் குறட்டை விட்டார்.

சனிக்கிழமை விடியப் பளிச்சென்று வெயில் எறித்தது. கத்தரீனா ஸ்ரூடியோக் கதவைத் திறந்தாள். நாம்பன் திரையை நக்கிக்கொண்டு நின்றது. வர்ணத்தில் கலந்திருந்த பசை அதற்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். அரண்மனையின் படிகளும் பூந்தோட்டமும் போய்விட்டன. மேல்மாடி மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

அவள் அழுவதா சிரிப்பதா என்று யோசிக்கும் முன் வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு ஏழு வீட்டாரும் வந்து நின்றார்கள். தெல்லிப்பழையில் இருந்து கனகலிங்கம் மாஸ்ரரும் பதினொரு ஆசிரியர்களும். மானிப்பாய் அருளம்பலம் தன் மகளையும் மருமகனையும் காரில் கூட்டி வந்திருந்தார். நீக்கிலாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்ட நாலு பெண் பிள்ளைகளோடு. நீக்கிலாப்பிள்ளையைத் தவிர ஒவ்வொருவர் கையிலும் ஒரே அட்டை. எல்லாரும் தாங்களே முதல் என்றார்கள். செபநாயகம் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை.

கத்தரீனா நாள் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கிழக்கே மேகம் கட்டுகிறது, இன்றைக்குப் பதினொரு மணி வரைதான் வெளிச்சம் சரிவரும், அதற்குள் நாலு பேருக்குத்தான் நேரம் காணும் என்று ஒளிக்காமல் சொன்னாள். தூரத்தில் இருந்து வந்தவர்களுக்கு இன்றைக்கு, கிட்ட இருப்பவர்களுக்குத் திங்கட்கிழமை. அவர்களில் முதலில் நாள் குறித்தவருக்கு முதல் மணி. திங்களும் மழையென்றால் வியாழன், அதே மணி. ஒவ்வொருவருக்கும் துண்டு எழுதிக் கொடுத்தாள். நாள் தோதில்லாதவர்கள் அங்கேயே சொல்லி மாற்றிக்கொண்டார்கள். நீக்கிலாப்பிள்ளை துண்டை வாங்கிப் பார்த்து, வாய்க்காலில் விழாமல் வந்த செய்தி இதுதான் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு போனார்.

முதலில் மாடு என்று அவள் சொன்னதும் கனகலிங்கம் மாஸ்ரருக்கு முகம் சிவந்தது. பன்னிரண்டு படித்தவர்களுக்கு முன்னால் ஒரு நாம்பனா என்று கேட்டார்.

“அது வெளிக்கிட்டால்தான் மாஸ்ரர் நீங்கள் உள்ளை போகலாம்” என்றாள் கத்தரீனா.

நாம்பன் ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்கவில்லை. திரையை நக்கும்போது மட்டும் சிலை மாதிரி நின்றது. ஆகவே செபநாயகம் அதை அப்படியே பிடித்தார். படத்தில் மாட்டின் பின்பக்கமும் வாலும்தான் தெளிவாக விழுந்தன. நமசிவாயம் பிறகு அதைப் பார்த்து, எதிராளிகள் சவாரியில் கண்டது இந்தப் பக்கத்தைத்தான் என்று பெருமைப்பட்டு இன்னும் மூன்று பிரதி கேட்டார்.

அருளம்பலத்தின் மகளும் மருமகனும், கால்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல், வானத்தில் இருந்து இறங்கியவர்கள் மாதிரிப் படத்தில் விழுந்தார்கள். அருளம்பலத்துக்கு அது தெய்வீகமாகப் பட்டது. ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் திரையில் மிஞ்சிய மாடிக்குக் கீழே நெருங்கி நின்று அதைத் தோளில் தாங்கினார்கள். நாலாவது வீட்டாரின் படம் முடிந்ததும் மேகம் மூடிக்கொண்டது.

மத்தியானம் சோறு போடும்போது கத்தரீனா புதுத் தாள் ஒன்றைப் புருஷன் முன்னால் வைத்தாள். மழை மாதத்தில் புதன்கிழமைகளுக்கு ஆரையும் குறிக்காமல் சும்மா விடுவது, தள்ளிப் போனவர்களை அங்கே போடுவது. அட்டையில் புது நாளும் மணியும் அதற்கு மாற்று நாளும் எழுதுவது. தோதில்லையென்றால் மறுமொழி எழுதச் சொல்லிக் கேட்பது. கடைசி வரி: ‘பட்டினத்தில் மழையென்றால் அன்று காலை ஏழு மணி பஸ்ஸில் கொண்டக்ரரிடம் சொல்லி அனுப்புவோம், பஸ் வராவிட்டாலும் மழையென்று வைத்துக்கொண்டு மாற்று நாளில் வருக.’

செபநாயகம் வாசித்துவிட்டு, பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்தால் என்று கேட்டார்.

“அப்பவும் பஸ் வராதுதானே” என்றாள் அவள்.

தை மாதத்தில் மறுபடி மூன்று நாள் அடைமழை. ஐந்து பேருக்கு அட்டை போனது. நாலு பேர் சரியென்று எழுதினார்கள், ஒருவர் மாற்று நாளைக் கேட்டார். மழை விட்டு, அட்டையில் எழுதிய புதன்கிழமை வந்ததும் செபநாயகம் வேட்டியை மாற்றி, தலை சீவி, ஒன்பது மணிக்குக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒருவரும் இல்லை.

“ஒருத்தரையும் காணேல்லை, இஞ்சேர்” என்றார், கொஞ்சம் கவலையாக.

முதல் ஆள் பத்தரைக்குத்தான் என்று சொல்லி, கத்தரீனா அவர் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள்.